சூடேறிய போத்தலா, திறந்து வைத்த போத்தலா?

வெள்ளிக்கிழமை மாலை வெள்ளவத்தையில் 500 மில்லிலீட்டர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு வாங்குகிறீர்கள். ஒன்றின் சீல் உடையவில்லை. மற்றதை வாய் வைத்துப் பாதி குடித்துவிட்டு மூடியாயிற்று. இரண்டும் வெயிலில் நிற்கும் காரில் திங்கள்வரை கிடக்கின்றன. பெரும்பாலானோர் பயப்படுவது முதலாவதற்கு. ஆனால் வயிற்றைக் கலக்கக்கூடியது இரண்டாவது.

சீல் உடையாத போத்தலைப் பற்றிய பயத்துக்குக் காரணம் பிளாஸ்டிக். இந்தப் போத்தல்கள் பெட் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. அதன் தயாரிப்பில் சேரும் அன்டிமனி என்ற மூலகம் சூட்டில் நீருக்குள் கசியும் என்பது உண்மைதான். எவ்வளவு வேகமாக என்பதே கேள்வி. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் இதை அளந்தார்கள். அமெரிக்கக் குடிநீர் வரம்பான லீட்டருக்கு 6 மைக்ரோகிராமைத் தாண்ட 60 பாகை செல்சியஸில் 176 நாள் பிடித்தது. 80 பாகையில் இரண்டு நாள் சொச்சம். வெயிலில் நிற்கும் காருக்குள் பகலில் 50, 60 பாகை வரலாம், மாலையில் இறங்கிவிடும். ஆகவே மூன்று நாள் கிடந்த போத்தலைக் குடிக்கலாம். நீரில் லேசான பிளாஸ்டிக் சுவை தட்டினால் அது பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலிருந்து வரும் அசற்றல்டிகைட் என்ற இரசாயனம். சுவையைக் கெடுக்குமே தவிர, அந்த அளவில் ஆளைக் கெடுக்காது. மாதக்கணக்கில் டிக்கியில் பெட்டியோடு அடுக்கி வைப்பதுதான் கூடாது.

திறந்த போத்தலின் கதை வேறு. வாய் வைத்துக் குடிக்கும்போது எச்சிலும் உணவுத் துகளும் உள்ளே போகின்றன. குழாய் நீரில் எஞ்சியிருக்கும் குளோரின் போத்தல் நீரில் பொதுவாக இருக்காது, எனவே உள்ளே போன கிருமியைத் தடுக்க எதுவுமில்லை. கார்ச் சூடு கொன்றுவிடும் என்று நம்பவேண்டாம். இருக்கைக்குக் கீழே நிழலில் கிடக்கும் போத்தல் 60 பாகையைத் தொடுவது அரிது. கொழும்பின் இரவோ 25 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காது. கிருமி பெருக இதுவே தோதான வெப்பம். பல்லாயிரம் கிருமி இருந்தாலும் நீர் தெளிவாகவே தெரியும் என்பதால் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. தன் எச்சில் என்பதால் சுகதேகிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் போகலாம். இன்னொருவர் குடித்த மிச்சம், கழுவாத கை, பிள்ளை வாயில் சோற்றோடு குடித்தது என்றால் வயிற்றோட்டத்துக்கு வழி.

வாய் வைத்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள். கோப்பையில் ஊற்றிக் குடித்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்தது இரண்டு மூன்று நாள் தாங்கும். திங்கட்கிழமை காரில் கிடைத்த பாதிப் போத்தலைக் காய்ச்சிக் காப்பாற்றப் பார்க்காமல் பூச்செடிக்கு ஊற்றுங்கள். குழந்தைக்குப் பால்மா கரைக்க இரண்டுமே வேண்டாம். புதிதாகக் கொதிக்கவைத்த நீரே எடுங்கள். அந்தக் கொதிநீரைப் பெட் போத்தலில் ஊற்றவும் கூடாது: 70 பாகையைத் தாண்டினால் போத்தல் இளகிச் சுருங்கும், அன்டிமனியும் அப்போதுதான் வேகமாகக் கசியும்.