முகத்துப் பழுப்புத் திட்டுக்கு லேசர் வைக்கும் முன் படியுங்கள்: 42,000 ரூபாயும் போய், நோயும் தங்கிவிட்டது

என் பெரியப்பாவின் பயாப்சி முடிவு நேற்று மாலை கைக்கு வந்தது. லென்டைகோ மாலிக்னா என்று அதில் எழுதியிருக்கிறது. மேல்தோலைத் தாண்டி இன்னும் உள்ளே இறங்காத நிலையில் உள்ள மெலனோமா, அதாவது தோல் புற்றுநோய். இதே திட்டை ‘வயசு மங்கு’ என்று சொல்லித்தான் மதுரையில் உள்ள ஒரு முகப்பொலிவு லேசர் மையம் எங்களிடம் 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டது.

பெரியப்பாவுக்கு 71 வயது. நல்ல சிவந்த நிறம். தேனி வழித்தடத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதால், ஓட்டுநர் சன்னல் வழியாக வரும் வெயில் ஆயுளில் பாதி அவருடைய வலது கன்னத்திலேயே விழுந்திருக்கிறது. அந்தக் கன்னத்தில் மிளகளவில் தோன்றிய பழுப்புப் புள்ளி, ஆண்டுக்கணக்கில் மெல்லப் பரவி, பத்து ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு வந்துவிட்டது. தடவிப் பார்த்தால் விரலில் எதுவும் தட்டாது. ஆனால் ஓரம் வளைந்து நெளிந்து, ஒரு பக்கம் வெளிறியும் மறுபக்கம் கறுத்தும், இடையில் சாம்பல் படர்ந்தும் இருந்தது.

அந்த மையத்தில் வெள்ளை அங்கி அணிந்திருந்த பெண்மணி பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, எங்க அப்பாவுக்கும் இதே மாதிரி இருந்துச்சு. பஸ் ஓட்டின வெயில்தான், கவலையே படாதீங்க” என்றார். அந்த ஒரு சொல்லில்தான் வீட்டார் அனைவரும் நம்பினார்கள். “டெஸ்ட் ஏதும் எடுக்க வேண்டாமாம்மா?” என்று பெரியம்மா கேட்டதற்கு, “வலியும் இல்ல, புண்ணும் இல்ல, எதுக்கும்மா டெஸ்ட்?” என்று பதில் வந்தது. இந்த நோய் பல ஆண்டுகள் வலியோ புண்ணோ இல்லாமல்தான் பரவும் என்பதை, முகத்தில் லேசர் வைத்துப் பிழைப்பவர் அறியாமல் இருக்கலாமா?

வெயிலால் வரும் வயதுப் புள்ளிகள் பெரும்பாலும் பலவாக, முகத்திலும் புறங்கையிலும் வரும். ஒவ்வொன்றும் ஒரே சீரான பழுப்பாக, ஓரம் தெளிவாக இருக்கும். மங்கு இரு கன்னங்களிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் படரும். தனித்த ஒரே திட்டாக, பல நிறங்களோடு, ஓரம் ஒழுங்கற்று அகன்றுகொண்டே போவதுதான் ஐயத்துக்குரியது. நம்மவரிடம் இது அரிது, வெளிர்தோல் உடையவர்களிடமே மிகுதி. நம்மிடம் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலில்தான் வரும். ஆனாலும் டெர்மாஸ்கோப் என்னும் கைக்கருவியால் தோல் மருத்துவர் பார்த்தால், மயிர்க்கால் துவாரங்களைச் சுற்றிச் சாம்பல் வளையங்கள் தென்படக்கூடும். அந்த மையத்தில் அப்படி ஒரு கருவியே இல்லை.

லேசர் கலைத்தது நிறத்தை மட்டுமே. இந்தப் புற்றணுக்கள் மயிர்க்கால்களின் சுவரை ஒட்டிக் கீழே இறங்குபவை. மேலே நிறம் வெளுத்தாலும் அவை அங்கேயே பதுங்கியிருக்கும். பெரியப்பாவுக்கு அப்படித்தான் சில மாதம் கன்னம் தெளிந்து, பிறகு பழைய எல்லைக்கு வெளியே புதிய சாம்பல் விளிம்பு தோன்றியது.

போய்க் கேட்டபோது, “வெயில்ல போயிருப்பீங்க, க்ரீம் சரியா போட்டிருக்க மாட்டீங்க” என்றார்கள். பிறகு “மேடம் சென்னைக்குப் போயிருக்காங்க” என்றார்கள். கடைசியில், இன்னும் சில சிட்டிங் எடுத்துக்கொண்டால் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். 42,000 ரூபாய்க்குக் கையால் எழுதிய துண்டுச்சீட்டைத் தவிர வேறு ரசீது கிடையாது. லேசருக்கு முன் எடுத்த புகைப்படத்தைக் கேட்டால் அழிந்துவிட்டது என்கிறார்கள். எனக்குப் பணத்தைவிட அந்தப் படம் போனதுதான் வயிற்றெரிச்சல்.

அரசு மருத்துவமனையில் டெர்மாஸ்கோப்பில் பார்த்த தோல் மருத்துவர், ஒரே இடத்தில் சிறு துளி எடுத்தால் நோயுள்ள பகுதி தப்பிவிடலாம் என்று, வெவ்வேறு நிறமுள்ள இடங்களிலிருந்து மாதிரி எடுத்தார். லேசர் பட்ட தழும்பால் திசுவைப் படிப்பதும் கடினமாகியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டி 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை அகற்றுவது வழக்கம்; இப்போது உண்மையான ஓரம் எது என்பதே மங்கிவிட்டதால், சிறிது சிறிதாக வெட்டி, ஒவ்வொரு விளிம்பையும் சோதித்து, நோயில்லை என்று உறுதியான பின்பே கன்னத்தைத் தைத்து மூடுவார்களாம். கீழ் இமைக்கு அருகில் என்பதால் அதுவும் எளிதல்ல.

நாளை மறுபடியும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியவர்கள் முகத்தில் தனியாகப் பரவும் திட்டு இருந்தால் முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஐயம் என்றால் பயாப்சி முடிவு வராமல் லேசரோ உறைய வைக்கும் சிகிச்சையோ வெளுப்பு க்ரீமோ வேண்டாம். நாணயத்தைப் பக்கத்தில் வைத்து நீங்களே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட ரசீது தராத இடத்தில் 42,000 ரூபாய் அல்ல, 42 ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.