தினமும் 1.5 ஜிபி: இரண்டு ஆண்டுக் கணக்கும் ஒரு ஹாட்ஸ்பாட் எரிச்சலும்

என்னுடன் பணிபுரியும் தோழி ஒருவர் போட்டித் தேர்வு வகுப்புகளைக் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். ஒரு மணி நேர வீடியோவுக்கு எத்தனை ஜிபி செலவாகும், தினமும் 1.5 ஜிபி தரும் பேக் போதுமா என்று கேட்டார். அதே பேக்கில் இரண்டு ஆண்டுகளாக அதே மாதிரியான வகுப்புகளைப் பார்த்து வருகிறேன் என்பதால், அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கணக்கு எளியது. வீடியோ நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் வந்தால், ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி ஆகும். 480p தரம் ஏறக்குறைய இந்த அளவில்தான் ஓடுகிறது, ஆகவே 1.5 ஜிபியில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பார்க்கலாம். 1080p தரத்தில் நொடிக்கு நான்கு மெகாபிட் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி வேண்டும். அன்றைய டேட்டா ஐம்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். தரம் ஒன்றே என்றாலும் காட்சியைப் பொறுத்து அளவு மாறும். அசையாத கரும்பலகையைக் காட்டும் வகுப்பு, அதே 480p தரத்தில் ஓடும் கிரிக்கெட் ஆட்டத்தைவிட மிகக் குறைவாகவே டேட்டாவை எடுத்துக்கொள்கிறது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் கைப்பேசிச் செயலிக்குத் தந்துள்ள அளவுகளின்படி, டேட்டா சேமிப்பு அமைப்பில் ஒரு ஜிபிக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரமும், உச்ச அமைப்பில் ஏறக்குறைய இருபது நிமிடமும் பார்க்கலாம்.

இத்தனை நாளில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தந்தது 480p தரம். ஆறு அங்குலத் திரையில் ஆசிரியர் எழுதும் எண்களை ஒருநாளும் கண்ணைச் சுருக்கிப் பார்க்க நேர்ந்ததில்லை. ஆனால் 'ஆட்டோ' அமைப்பை மட்டும் நம்பக் கூடாது. சில நொடிகளுக்கு ஒருமுறை இணைப்பின் வேகத்தை அளந்து, அந்த வேகம் தாங்கும் உயர்ந்த தரத்துக்கு ஏறிவிடுவதே அதன் வேலை. சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில்தான் டேட்டா விரைவாகத் தீர்கிறது என்பது பலருக்குப் புரியாமல் போவதற்கு இதுவே காரணம்.

என் தீராத எரிச்சல் வேறொன்று. சென்ற மாதம் ஒருநாள் இரவு 8:40 மணிக்கு, அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. நான் பார்த்தது 1 மணி 10 நிமிட வகுப்பு ஒன்றை மட்டுமே. கைப்பேசியின் டேட்டா பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, வீடியோ செயலியின் பெயருக்கு எதிரே சொற்ப அளவே இருந்தது. ஹாட்ஸ்பாட் என்ற வரியில் 1.05 ஜிபி இருந்தது. அன்று நான் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் டேப்லெட்டை இணைத்து அதில் பாடம் பார்த்திருந்தேன். டேப்லெட்டின் கண்ணுக்கு ஹாட்ஸ்பாட்டும் வைஃபைதான். மொபைல் இணைப்புக்கு நான் வைத்திருந்த டேட்டா சேமிப்பு அங்கே செல்லவில்லை. வைஃபைக்கு உரிய உயர் தரத்தில், நொடிக்கு இரண்டு மெகாபிட் வீதம் பாடம் ஓடியிருக்கிறது. பாடத்தின் நடுவே தரத்தைக் குறைத்தாலும் அது அந்த ஒரு வீடியோவுக்கே பொருந்தும், அடுத்தது பழையபடி தொடங்கும். எனவே செயலியின் அமைப்புகளுக்குள் சென்று, மொபைலுக்கும் வைஃபைக்கும் தனித்தனியாக உள்ள இரண்டு இடங்களிலும் தரத்தைக் குறைத்து வைக்க வேண்டும். தொலைக்காட்சியை ஹாட்ஸ்பாட்டில் இணைப்பவர்கள் அதிலும் இதைச் செய்தாக வேண்டும்.

டேட்டா தீர்ந்தபின் என் பேக்கில் வேகம் 64 கிலோபிட்டாகக் குறைந்துவிடும். 480p தரத்து ஒரு மணி நேரப் பாடத்தை அந்த வேகத்தில் இறக்கப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேறு வழியின்றி 19 ரூபாய்க்கு ஒரு ஜிபி கூடுதல் பேக் வாங்கினேன். அந்த விலையில் கணக்கிட்டால், ஒரு மணி நேரம் 480p தரத்தில் பார்க்க எட்டரை ரூபாயும், 1080p தரத்தில் பார்க்க முப்பத்து நான்கு ரூபாயும் ஆகின்றன. ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அன்றைய 1.5 ஜிபிக்குள் இருக்கும்வரை தரத்தைக் குறைப்பதால் ஒரு ரூபாயும் மிஞ்சுவதில்லை, ஏனெனில் மீதமாகும் டேட்டா நள்ளிரவோடு போய்விடுகிறது. இதனால் இரவு பதினொரு மணிக்கு மேல் மீதம் இருந்தால், நான் தயங்காமல் 1080p தரத்தில் பார்க்கிறேன்.

தோழிக்குக் கைப்பேசி மட்டும் போதுமென்றால் இந்தப் பேக் தாராளமாகப் போதும். இருந்தும் அவரிடம் இதை வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். வீட்டில் டேப்லெட் இருக்கிறது, அவர் மகன் கிரிக்கெட் பார்ப்பான். ஒவ்வொரு கருவியிலும் இரண்டு அமைப்புகளை ஒவ்வொரு மாலையும் சரிபார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை எனக்கே சென்ற மாதத்தோடு தீர்ந்துவிட்டது. வரும் ஒன்றாம் தேதி என் வீட்டுக்கு பிராட்பேண்ட் இணைப்புக் கேட்டிருக்கிறேன்.