16எஸ் போதுமா, ஷாட்கன் வேண்டுமா?

பல நுண்ணுயிரிகள் கலந்த மாதிரியில் எந்த பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று மட்டும் தெரிய, அவற்றை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவைப் பெருக்கிப் படித்தாலே போதும், செலவும் குறைவு. அவை என்ன செய்யக்கூடும் என்று அறிய ஷாட்கன்தான் சரி. அதில் மொத்த டிஎன்ஏவையும் துண்டுகளாகப் படித்து, கான்டிக்குகள் எனும் நீண்ட தொடர்களாகக் கோக்கிறோம்.

அப்புறம் பின்னிங், அதாவது கான்டிக்குகளை உயிரிவாரியாகக் கூடைகளில் பிரிப்பது. ஒரே உயிரியின் கான்டிக்குகளில் நான்கெழுத்து டிஎன்ஏ சேர்க்கைகளின் விகிதம் ஒத்திருக்கும். கவரேஜும், அதாவது ஒரு கான்டிக் சராசரியாக எத்தனை மடங்கு படிக்கப்பட்டது என்பதும், மாதிரிக்கு மாதிரி சேர்ந்தே ஏறி இறங்கும். மூன்று மாதிரிகளில் ஒரு கான்டிக்கின் கவரேஜ் 40, 10, 25 மடங்கு, இன்னொரு கான்டிக்கினுடையது 41, 9, 26 என்றால் பெரும்பாலும் ஒரே கூடை. ஆனால் அதே உயிரியின் 16எஸ் கான்டிக் மட்டும் 120, 30, 75 என்று நிற்கலாம். காரணம், அதன் ஜீனோமில் உள்ள மூன்று 16எஸ் நகல்கள் கோக்கும்போது ஒரே கான்டிக்காக மடிந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், அடையாளம் சொல்லும் அந்த மரபணுவே பலமுறை கூடைக்கு வெளியே போய்விடும். ஒரு கூடையில் ஒற்றை நகலாக இருக்கவேண்டிய மரபணுக்கள் பல இரண்டிரண்டாக வந்தால், அதில் இரு உயிரிகள் கலந்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம்.