செயலாராய்ச்சி: ஒரே வகுப்பா, இரண்டு பிரிவா?

குடியாத்தம் பக்கத்து நான்காம் வகுப்பு ஒன்றில் 42 − 17 கொடுத்தால் பலர் 35 என்று எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் இடத்தில் 7இலிருந்து 2ஐக் கழிக்கிறார்கள். கடன் வாங்குவதே இல்லை. குச்சிக் கட்டுகளை வைத்து மூன்று வாரம் கற்பித்துப் பார்க்க எந்த அமைப்பு சரி?

வேலை
ஒரே வகுப்பு: முன்தேர்வு, பின்தேர்வு, ஒருவரே முடிக்கலாம்.
இரண்டு பிரிவு: ஒரு பிரிவுக்கு மட்டும் குச்சி; அடுத்த பிரிவு ஆசிரியரும் அதே நாளில் அதே தாளைக் கொடுக்க வேண்டும்.

நம்பகம்
ஒரே வகுப்பு: மதிப்பெண் கூடினால் குச்சியாலா, வெறும் பயிற்சியாலா என்று தெரியாது. முன்தேர்வை ஒரு வார இடைவெளியில் இருமுறை வைத்தால் பாதிச் சந்தேகம் தீரும்: கற்பிக்காமலே ஏறுகிறதா என்று பார்த்துவிடலாம்.
இரண்டு பிரிவு: அந்தச் சந்தேகம் குறையும். ஆனால் ஆசிரியர் வேறு என்றால் வித்தியாசம் குச்சியுடையதா, ஆசிரியருடையதா?

எப்படியானாலும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள்; 42 − 17 = 35 போன்ற தவறு எத்தனை என்று தனியே எண்ணுங்கள். இரண்டு தேர்வும் எழுதியவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். பொங்கல் விடுமுறை இடையில் வரவேண்டாம்.

ஒரே பிரிவுள்ள பள்ளிக்கு முதலாவதுதான் வழி. இரு பிரிவுக்கும் நீங்களே கணக்குப் பாடம் எடுத்தால் இரண்டாவது. பின்தேர்வு முடிந்ததும் மற்றப் பிரிவுக்கும் குச்சியைக் கொடுத்துவிடுங்கள்.