தம்பியை ஆரஞ்சு வேட்டியில் நிற்க வைத்த ஸ்டுடியோ: 'கலர் மேட்சிங்'குக்குத் தனிக் காசு கேட்டால் உஷார்

போன தை மாதம் அப்பாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்தோம். டொரொன்டோவில் இருக்கும் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. குடும்பப் படத்தில் அவனுக்கு இடம் விட்டு நின்று எடுத்துக்கொண்டோம். அவன் அங்கே வேட்டி, சட்டை, விபூதியோடு ஜன்னல் பக்கத்தில் நின்று ஐபோனில் எடுத்து அனுப்பினான். ரெண்டையும் சேர்த்துத் தர ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். கட்டிங்குக்கு 2,000, 'கலர் மேட்சிங்' தனியாக 1,500, பெரிய ஃப்ரேம் தனி. மொத்தக் காசையும் முன்னாலேயே கொடுத்தது என் தப்பு.

வந்த படத்தைப் பார்த்ததும் அம்மா கேட்டது, "இவன் ஏன் மஞ்சத்தண்ணியில விழுந்து எந்திரிச்சவனாட்டம் நிக்கிறான்?" முகம் செங்கல் நிறம், வேட்டி வெளிறிய ஆரஞ்சு. பக்கத்தில் நிற்கும் அப்பாவின் வேட்டியோ கிட்டத்தட்ட வெள்ளை. ஸ்டுடியோவில் கேட்டால், "கேமரா வேற சார், அவ்வளவுதான் வரும்" என்றார்கள். அது பொய். எப்படித் தெரிந்தது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ரெண்டு நாள் நச்சரித்து, படத்தின் ஒவ்வொரு துண்டும் லேயர் என்ற தனித்தனி அடுக்காக இருக்கும் ஃபோட்டோஷாப் PSD ஃபைலை வாங்கினேன். நண்பர் ஒருவர் நகை விளம்பரப் படங்களுக்கு ரீடச்சிங் செய்பவர், அவரிடம் காட்டினேன். நல்லவேளையாக, வெட்டியெடுத்த தம்பியின் பழைய லேயரை அழிக்காமல் மறைத்து மட்டும் வைத்திருந்தார்கள். அவர் அதைப் பிரதி எடுத்தார். ஃபோட்டோஷாப்பில் Match Color என்றொரு கட்டளை இருக்கிறது. எந்த ஸ்லைடரையும் தொடாமல், குடும்பப் படத்தை மூலமாகக் காட்டி OK கொடுத்தார். வந்ததை ஸ்டுடியோ செய்த லேயரின் மேல் வைத்து, கலவை முறையை Difference என்று மாற்றினார். அது ரெண்டு லேயருக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும். வித்தியாசம் இல்லாத இடம் கறுப்பாகிவிடும். தம்பி நின்ற இடம் முழுக்கக் கறுப்பு. 1,500 ரூபாய் வேலை பத்து விநாடிகூட எடுக்கவில்லை.

அந்தக் கட்டளையைக் குற்றம் சொல்ல முடியாது. அது ஏறக்குறைய என்ன செய்கிறது என்றால், மூலப்படத்தின் சராசரி நிறத்தையும் நிறங்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதையும் கணக்கெடுத்து, மற்ற படத்தை அந்தக் கணக்குக்கு இழுக்கிறது. எங்கள் குடும்பப் படத்தில் பாதி இடம் சிவப்புப் பந்தல் துணி, சாமந்தி மாலை, அரக்குப் பட்டு. அதன் சராசரியே ஆரஞ்சுதான். தம்பியின் உருவத்திலோ முக்கால்வாசி வெள்ளைத் துணி. அந்த வெள்ளையை ஆரஞ்சு சராசரிக்கு இழுத்தால் வேட்டி வேறு எந்த நிறத்துக்குப் போகும்? இதே மாதிரி ஒரு வழியை எரிக் ரைன்ஹார்ட் குழுவினர் 2001-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். ரெண்டு படங்களின் அமைப்பும் ஒத்திருந்தால்தான் சரியாக வரும், இல்லாவிட்டால் பொருத்தமான துண்டுகளைத் தேர்ந்து கணக்கெடுக்க வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். முகத்தை மட்டும் தேர்ந்து, முகத்தோடு ஒப்பிடும் வசதி அதே Match Color பெட்டியிலும் இருக்கிறது. யாரும் தொடவில்லை.

இன்னொரு கோளாறும் இருந்தது. படத்தில் இருக்கும் எண் எந்த நிறத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் அளவுகோல்தான் நிறவெளி. ஐபோன் படங்கள் Display P3 என்ற நிறவெளியில் பதிவாகின்றன. குடும்பப் படம் sRGB. கொண்டுவரும்போது முறையாக Convert to Profile கொடுத்திருக்க வேண்டும். இவர்கள் எந்த நிறவெளி என்று குறிக்கும் ப்ரொஃபைலைக் கழற்றிவிட்டு எண்களை அப்படியே sRGB என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படிச் செய்தால் நிறம் வெளுத்துவிடும். மறைத்து வைத்த லேயரையும் தம்பி அனுப்பிய ஒரிஜினலையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, உதட்டு நிறத்திலேயே வித்தியாசம் தெரிந்தது.

அப்புறம் நண்பரே உட்கார்ந்து சரிசெய்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் ரெண்டு படத்திலும் ஒரே மாதிரி இருக்கும் பொருள் எது என்று தேடினார். நான் வேட்டி என்றேன். சிரித்துவிட்டு, "சொட்டு நீலம் போட்ட வேட்டியை நம்பலாமா? அதை வெள்ளைன்னு காட்டினா நீலத்தைக் குறைக்கப் போய் மூஞ்சி மஞ்சளாயிடும்" என்றார். அதோடு அந்த வேட்டியில் பல இடம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் உச்ச அளவான 255-ல் முட்டி நின்றது. அங்கே நிறத் தகவலே கிடையாது. அவர் எடுத்தது நெற்றி விபூதி. அப்பாவுக்கும் உண்டு, தம்பிக்கும் உண்டு. பட்டை கனமாக இருக்கும் இடமாகப் பார்த்து அளந்தார். அப்பாவுடையது சிவப்பு 214, பச்சை 196, நீலம் 168. தம்பியுடையது 198, 203, 212. பந்தலுக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சம், அங்கே பனி பெய்யும் மேகமூட்ட ஜன்னல் வெளிச்சம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. தலைமுடியின் கறுப்பிலும் அளந்தார். அப்பா பக்கத்தில் நிற்கும் அக்கா மகன் முடி 28, 24, 22. தம்பி முடி 44, 46, 50. ஃபோன் நிழலை வெளிச்சமாக்கிவிடும் என்பதால் கறுப்பு சாம்பலாக நின்றது.

ஒரு நிறத்தின் அளவைக் கோடு வளைத்து ஏற்றி இறக்கும் கருவி Curves. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ரெண்டு புள்ளி, முடிக்கு ஒன்று, விபூதிக்கு ஒன்று. நீலத்தில் 50-ஐ 22-க்கும் 212-ஐ 168-க்கும் இறக்கினார். முகம் உடனே பந்தலுக்குள் வந்துவிட்டது. ஆனால் வேட்டியின் மடிப்பு மட்டும் டியூப் லைட் மாதிரி நீலமாக நின்றது. கோட்டின் மேல் முனை இன்னும் 255-லேயே இருந்ததுதான் காரணம். அதை 202-க்கு இறக்கியதும் அடங்கியது. தம்பியை வெள்ளை வெளேரென்று 'சரியாக' ஆக்குவது நோக்கமில்லை, அந்தப் பந்தலின் கோணலான வெளிச்சத்தை அவன் மேலும் போடுவதுதான் வேலை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சரிபார்க்க அவர் செய்தது ரெண்டு. எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Hue/Saturation லேயர் போட்டு செறிவை முழுக்க ஏற்றினார். ஒட்டாத இடம் இருந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும். தம்பியின் இடது தோள் லேசாக நீலம் அடித்தது. அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தார். நீலத்தில் மட்டும் அந்தத் தோள் மற்றவர்களைவிட வெளுத்துத் தெரிந்தது. ஜன்னல் பக்கத்துத் தோள் அது. ஒரே கோடு முழு உடம்புக்கும் போதாது என்று அங்கே மட்டும் மாஸ்க் வரைந்து இன்னும் கொஞ்சம் நீலத்தைக் குறைத்தார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்த அடையாளம் மூக்கு நிழலில் இன்னும் இருக்கிறது, அது நிறத்தால் தீராது. மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

யாராவது இப்படிப் படம் சேர்க்கக் கொடுப்பதாக இருந்தால், ஃபோன் படத்தை வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள்; டாக்குமென்டாக அனுப்புங்கள். லேயர் உள்ள ஃபைல் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள், தரமாட்டேன் என்றால் வேறு கடை. ஃப்ரேமுக்கு முன்னால் முகங்கள் இருக்கும் பகுதியை மட்டும் சின்னதாக ஒரு பிரின்ட் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பாதிக் காசு போதும்.

ஸ்டுடியோவில் அந்தக் கறுப்புத் திரையின் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினேன். முதலாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பையன் புதுசு சார்" என்று 1,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். மீதி 500-க்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.