96 வருகைகள்: ஜிம்மின் ஆண்டுச் சந்தா கட்டுப்படியானதா?

ஆண்டுச் சந்தா எடுக்கலாமா, மாதாமாதம் கட்டலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். என் ஆண்டுச் சந்தா முடிய இன்னும் சில நாட்களே இருந்ததால், ஜிம் கைரேகைக் கருவியில் பதிவான என் வருகைகளை மாதவாரியாக வாங்கி வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன்.

மாதக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொண்டால், நான் மொத்தமாகக் கட்டியது 800. முதல் மாதம் 18 நாள் போயிருக்கிறேன். அடுத்தடுத்த மாதங்களில் அது 16, 13, 11, 9 என்று இறங்கியது. ஆறாம் மாதத்தின் முதல் வாரத்தில் மூன்று முறை போனதோடு முழங்கால் வலி வந்து நின்றுவிட்டேன். ஏழும் எட்டும் முழுப் பூஜ்யம். ஒன்பதில் ஒரே ஒரு நாள் போய், வலி தீரவில்லை என்று தெரிந்து திரும்பினேன். கடைசி மூன்று மாதங்களில் 5, 11, 9. ஆக மொத்தம் 96 வருகைகள், வருகைக்கு 8.33.

பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். மாதக் கட்டணம் 12 மாதத்துக்கு 1200, அதை 96-ஆல் வகுத்தால் 12.50, ஆகவே ஆண்டுச் சந்தாவே மலிவு என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே வருகை எண்ணால் வகுத்தால், 800 எப்போதும் 1200-ஐ வெல்லத்தான் செய்யும். 96-க்குப் பதில் 20 முறை போயிருந்தாலும் விடை மாறாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாதாமாதம் கட்டுபவளாக இருந்திருந்தால், எந்தெந்த மாதங்களுக்கு நான் பணம் கட்டியிருப்பேன்? எந்தத் திட்டம் மலிவு என்பதை அந்த மாதங்களின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. என் விஷயத்தில் எல்லைக்கோடு எட்டு மாதம்.

முதல் ஆறு மாதங்களுக்கு நிச்சயம் கட்டியிருப்பேன். ஆறாம் மாதத்தில் வலி வருவதற்கு முன்பே பணம் போயிருக்கும், அந்த மாதத்தின் ஒவ்வொரு வருகையும் 33-க்கு மேல் விழுந்திருக்கும். ஏழு, எட்டு, ஒன்பது மாதங்களுக்குக் கட்டியிருக்க மாட்டேன். கடைசி மூன்றுக்குக் கட்டியிருப்பேன். ஒன்பது மாதத்துக்கு 900. விட்டுவிட்டு மீண்டும் சேர்ந்தால் எங்கள் ஜிம்மில் சேர்க்கைக் கட்டணமாக இன்னொரு 50. ஒன்பதாம் மாதத்து ஒற்றை வருகையைக் கழித்து 95-ஆல் வகுத்தால் சரியாக 10. மூன்று மாதம் வீணாகியும் ஆண்டுச் சந்தாதான் வென்றிருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

எண்ணில் வராத ஒரு நன்மையும் உண்டு. பணம் முன்பே கட்டியாகிவிட்டதால், இருபது நிமிடம் மட்டும் கிடைத்த நாட்களிலும் தயங்காமல் போய் டிரெட்மில்லில் நடந்துவிட்டு வந்தேன். அடுத்த வருகைக்குச் செலவு பூஜ்யம் என்ற அந்த நிம்மதியை நான் உண்மையாகவே ரசித்தேன்.

இருந்தாலும் என் கோபம் தீரவில்லை. சேரும்போது, ஆண்டுக்கு 60 நாள் வரை ‘ஃப்ரீஸ்’ செய்துகொள்ளலாம், அந்த நாட்கள் சந்தாவின் கடைசியில் கூடிவிடும் என்றார்கள். முழங்காலுக்கு ஓய்வு தேவை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் எட்டாம் மாதம் போய்க் கேட்டேன். ஃப்ரீஸ் செய்வதை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும், கழிந்த நாட்களுக்குச் செல்லாது என்று மறுத்துவிட்டார்கள். சரி, இனி வரும் நாட்களுக்காவது தாருங்கள் என்றால், ஒரே தவணையில் குறைந்தது 30 நாள் எடுக்க வேண்டும், அதற்குள் வர முடியாது என்றார்கள். எப்போது குணமாகும் என்று தெரியாத நிலையில் அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. விதி படிவத்தில் இருந்தது உண்மைதான்; வலி முன்கூட்டியே எழுதித் தந்துவிட்டா வருகிறது? அந்த 60 நாளும் கிடைத்திருந்தால், மாதம் பத்து முறை என்று பார்த்தாலும் இருபது வருகைகள் கூடி, வருகைக்கு 6.90 ஆகியிருக்கும்.

மாதக் கட்டணம் என்றாலே பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. டெல்லாவின்யா, மால்மெண்டியர் என்ற பொருளியல் அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், மாதச் சந்தாதாரர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் போயிருந்தார்கள். பத்து வருகைச் சீட்டு வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டாலர் ஆகியிருக்கும். அவர்கள் கொடுத்ததோ 17 டாலருக்கு மேல். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தமாகும் மாதச் சந்தா, நிறுத்தச் சொல்லும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே நான் கணக்கிட்ட 10 என்பது, போகாத மாதத்தில் பணம் கட்டாமல் இருப்பவருக்கு மட்டுமே பொருந்தும்.

தோழிக்கு முழங்கால் வலி இல்லை, வெளியூர் வேலையும் இல்லை. எட்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்து போவாள் என்பதால் ஆண்டுச் சந்தாவே எடுக்கச் சொன்னேன், ஃப்ரீஸ் விதியைக் கையெழுத்துப் போடும் முன் படித்துக்கொள் என்றும் சொன்னேன். நான் ஒன்றாம் தேதி முதல் மாதக் கட்டணத்துக்கு மாறுகிறேன். வருகைக்கு 1.67 கூடுதலாகும் என்று தெரிந்தேதான் மாறுகிறேன். இன்னொரு முறை அந்த வரவேற்பு மேசைக்கு முன்னால் மருத்துவச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்க எனக்கு மனமில்லை.