ரிஜெக்ட் பெட்டி காலியாக இருந்தபோது எடை குறைந்துகொண்டிருந்தது: செக்வெயர் தரவில் கட்டுப்பாட்டு வரைபடம், இரண்டரை வருட அனுபவம்

விருதுநகர் பக்கம் ஒரு மசாலாப் பொடி ஆலையில் தரக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்கிறேன். 500 கிராம் மிளகாய்த்தூள் லைனில் ஒற்றைத் திருகு நிரப்பி, அதாவது ஆகர் ஃபில்லர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 30 பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டும், ஓடும் பெல்ட்டிலேயே எடை பார்க்கும் செக்வெயர் மேல் ஏறி இறங்கித்தான் பெட்டிக்குப் போகும். பல வருடங்களாக அந்த மெஷினிடம் நாங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: பாஸா, ரிஜெக்டா? அது பதிந்து வைத்த எடைகளை எடுத்து, இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு மேலும் கீழும் எல்லை போட்டு, அதைத் தாண்டும் புள்ளியைக் காட்டும் கட்டுப்பாட்டு வரைபடமாகப் போட ஆரம்பித்தது இரண்டரை வருடத்துக்கு முன்னால்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி 500 கிராம் பாக்கெட்டில் 15 கிராம் வரைதான் குறையலாம். அதோடு மொத்தச் சரக்கின் சராசரியும் அச்சிட்ட எடைக்குக் கீழே போகக் கூடாது. தனிப் பாக்கெட்டை ரிஜெக்ட் பிடித்துவிடும், சராசரியைப் பிடிக்காது. எங்கள் ரிஜெக்ட் எல்லை 492 கிராம். பாக்கெட்டுகளின் திட்ட விலக்கம் 1.2 கிராம் அளவில் இருக்கும்போது சராசரி 503இலிருந்து 499க்கு வந்தாலும் ஒரு பாக்கெட்கூட வெளியே தள்ளப்படாது. அந்தப் பயத்தில் இலக்கை 505இல் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம்.

முதல் மாதம் முழுக்கத் தோல்வி. புத்தகத்தில் உள்ளபடி கால் மணிக்கு ஒருமுறை அடுத்தடுத்து வந்த ஐந்து பாக்கெட்டுகளை எடுத்து, சராசரி-வீச்சு வரைபடம் போட்டேன். வீச்சு என்றால் அந்த ஐந்தில் அதிக எடைக்கும் குறைந்த எடைக்கும் உள்ள வித்தியாசம்; அதன் சராசரி 1.4 கிராம் வந்தது. ஐந்து பாக்கெட் மாதிரிக்குப் புத்தகம் தரும் 0.577ஆல் அதைப் பெருக்கினால் எல்லை மையக்கோட்டுக்கு இருபுறமும் 0.8 கிராம். புள்ளிகளோ ஒன்று விட்டு ஒன்று வெளியே விழுந்தன. ஒரு ஷிஃப்டில் பத்துப் பன்னிரண்டு எச்சரிக்கை. ஆபரேட்டர் ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை.

லைன் பக்கத்தில் நின்று ஹாப்பரைப் பார்த்தபோதுதான் விளங்கியது. இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை ஹாப்பர் நிரம்புகிறது. நிரம்பியிருக்கும்போது மேலுள்ள பொடியின் பாரத்தில் திருகுக்குள் பொடி இறுகி விழும், எடை கூடும். மட்டம் இறங்க இறங்கப் பொடி தளர்ந்து எடை குறையும். இப்படி ஒன்றரை கிராம் மேலும் கீழுமாக ஒரு ரம்பப் பல். அடுத்தடுத்த ஐந்து பாக்கெட் என்பது பத்தே விநாடி. ஒரு பல்லின் ஓர் ஓரம். அந்த ஐந்துக்குள் இருக்கும் சின்ன வித்தியாசத்தை வைத்து எல்லை போட்டால், ஹாப்பரின் இயல்பான மூச்சே குற்றமாகத் தெரியும்.

அதனால் மாதிரி எடுப்பதையே விட்டேன். தரவுதான் முழுசாக இருக்கிறதே. கால் மணி நேரத்தின் எல்லாப் பாக்கெட்டுகளுக்கும், சுமார் 450க்கும், ஒரே சராசரி. அதுதான் ஒரு புள்ளி. ஆறு ஹாப்பர் சுற்றுகள் அதற்குள் அடங்கிவிடும். எல்லையை, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையேயான வித்தியாசத்தின் சராசரியிலிருந்து போடுகிறேன். எங்களுக்கு அது 0.34 கிராம்; இந்த முறைக்கான பெருக்கெண் 2.66.

```
எல்லை = 503.0 ± 2.66 × 0.34   →  502.1 , 503.9
z = 0.2*x + 0.8*z_prev        →  502.7 , 503.3
```

இரண்டாவது வரியில் x புதுப் புள்ளி, z_prev முந்தைய z; அது பழைய புள்ளிகளின் நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சுமக்கும் எடையிட்ட சராசரி. அதன் எல்லை முதலாவதில் மூன்றில் ஒரு பங்குதான். மெதுவாக நகர்வதைப் பிடிக்க இதுதான் எனக்கு உதவியது.

அது நிரூபணமானது முதல் ஐப்பசி மழையில். காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு 503.0இல் ஆரம்பித்தது. மணிக்கு 0.2 கிராம் என்று இறங்கிக்கொண்டிருந்தது. முதல் வரைபடத்தில் எல்லாப் புள்ளியும் எல்லைக்குள். அந்த வேகத்தில் அது எல்லையைத் தொடப் பத்தரை மணி ஆகியிருக்கும். இரண்டாவது வரைபடம் எட்டரைக்கே 502.7ஐத் தாண்டிவிட்டது.

"அண்ணே, ரிஜெக்ட் ஒண்ணுகூட இல்லையே. என்னத்தத் திருத்தச் சொல்றீங்க?" என்றார் ஆபரேட்டர்.

"திருத்த வேண்டாம் தம்பி. நிறுத்திட்டுத் திருகைக் கழட்டிப் பார்ப்போம்" என்றேன்.

திருகின் இலைகளில் ஈரம் பட்ட தூள், அதன் எண்ணெயோடு சேர்ந்து, தோலாகப் படிந்திருந்தது. படிவு தடிக்கத் தடிக்க ஒரு சுற்றுக்குள் பிடிக்கும் பொடியின் கொள்ளளவு குறையும். ஒரு பாக்கெட்டுக்குத் திருகு சுற்றும் எண்ணிக்கையைக் கூட்டியிருந்தால் எடை சரியாகத் தெரிந்திருக்கும், படிவு வளர்ந்துகொண்டே போயிருக்கும், ஒரு கட்டி உதிர்ந்து விழுந்த நிமிடம் எடை எகிறியிருக்கும். சுத்தம் செய்த பிறகு, எண்ணிக்கையைத் தொடாமலே, 503க்கு வந்து நின்றது. மழைக்காலத்தில் இப்போது ஷிஃப்ட் நடுவில் ஒருமுறை திருகு கழற்றுவது வழக்கம்.

ஆனால் இந்த வரைபடத்தை நம்பி ஒருமுறை ஏமாந்தும் இருக்கிறேன். வரைபடம் காட்டுவது பாக்கெட்டை அல்ல, செக்வெயர் சொன்னதை. ஒரு மாலை மூன்று மணி நேரத்தில் கோடு 0.8 கிராம் ஏறியது. ஆபரேட்டர் சுற்றைக் குறைத்தார். நானும் சரி என்றேன். மேசைத் தராசில் வைத்துப் பார்த்தால் பாக்கெட்டுகள் 502.2. செக்வெயரோ 503.0 என்கிறது. எடையை உணரும் லோடு செல் மேலிருக்கும் பெல்ட்டுக்கு அடியில் மிளகாய்த்தூள் சேர்ந்திருந்தது. மெஷின் தானாகப் பூச்சியம் பிடிக்கும்தான். அதற்குப் பெல்ட் சில விநாடி காலியாக இருக்க வேண்டும். லைன் நிற்காமல் ஓடினால் அந்த இடைவெளியே கிடைப்பதில்லை.

அன்றிலிருந்து ஒரு மாதிரிப் பாக்கெட் வைத்திருக்கிறோம். அதே நீள அகலம், உள்ளே ஈரம் இழுக்காத பொருள், எடை தெரிந்தது. மணிக்கு ஒருமுறை ஓடும் பெல்ட்டில் மூன்று தடவை விட்டு, சராசரியைத் தனி வரைபடத்தில் குறிக்கிறோம். ஓடும் பெல்ட்டில் என்பது முக்கியம். பெல்ட்டை நிறுத்திவிட்டு எடை போட்டால் அதிர்வின் விளைவு தெரியாது. அதில் 0.5 கிராம் விலகினால் முதலில் பெல்ட் சுத்தம், பூச்சியம். அதற்கு முன் ஃபில்லரில் கை வைக்கக் கூடாது.

கை வைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டதுதான், என் கணக்கில், பெரிய லாபம். முன்பெல்லாம் 501 வந்தால் கூட்டுவார்கள், 505 வந்தால் குறைப்பார்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் விலகலையும் முழுசாகத் திருத்தப் போனால், வெறும் தற்செயல் விலகலில் சிதறல் குறையாது. திட்ட விலக்கம் 1.4 மடங்காகும். இப்போது கோடு எல்லை தாண்டினால் மட்டும்தான் திருத்தம். இலக்கை 505இலிருந்து 503க்கு இறக்க முடிந்ததும் இதனால்தான். இரண்டு கிராம் அற்பமாகத் தெரியலாம். நிமிடத்துக்கு 30 பாக்கெட் என்றால் மணிக்கு 3.6 கிலோ தூள்.

இன்னும் எனக்குச் சரிவராத இடம் ஒன்று உண்டு. புதிதாக அரைத்த தூள் சூடாக, காற்றேறி வரும். அடர்த்தி குறைவு, அது அமரும் வரை எடை மேலே ஏறிக்கொண்டே இருக்கும். முதல் அரை மணியின் இரண்டு புள்ளிகளை வேறு நிறத்தில் குறித்து, எல்லைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறேன். அந்த அரை மணிக்கு மட்டும் பழையபடி தராசும் ஆளும்தான். அரைத்த தூளை ஓர் இரவு ஆறவிட்டு நிரப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்; அடுத்த வாரம் முதல் லாட்.